மோட்சம்

அடம்பன் பக்கத்துக் கத்தோலிக்கர் வீட்டில் செபம் சொல்லும்போது ‘மோட்சம்’ என்றால் கடவுளும் புனிதர்களும் இருக்கிற இடம். சற்றுத் தள்ளித் திருக்கேதீச்சரத்தில் கும்பிடும் சைவருக்கு அதே சொல் இடத்தையே குறிக்காது.

‘முச்’ என்ற வடமொழி வேருக்கு விடுவித்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த மோட்சம், உயிர் கட்டு நீங்கிய நிலை. தமிழில் இதற்கு ‘வீடு’ என்போம்; அதுவும் ‘விடு’ என்பதிலிருந்து பிறந்ததே. சைவத்தில் இடமாகச் சொல்லப்படுவது சொர்க்கம். புண்ணியம் தீரும்வரை அங்கே இன்பம் துய்த்து, பிறகு மறுபடி பிறக்கவேண்டும். நரகமும் அப்படித்தான், பாவம் தீரும்வரைதான். ஆகவே என்றென்றைக்குமான வாழ்வைச் சொல்லக் கத்தோலிக்கர் சொர்க்கத்தை விட்டு மோட்சத்தை எடுத்தது மிகச் சரியான தெரிவு என்றே நினைக்கிறேன். முஸ்லிம்களோ முடிவில்லாத ஜன்னத்தைச் சுவர்க்கம் என்கிறார்கள்; அவர்கள் பேச்சில் அச்சொல்லுக்குத் திரும்பிவருதல் இல்லை.

இடமா, நிலையா என்ற கேள்வி திருச்சபைக்குள்ளும் உண்டு. 1999 ஜூலையில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர், மோட்சம் மேகங்களுக்கிடையே உள்ள இடமல்ல, கடவுளோடு கொள்ளும் உயிருள்ள உறவு என்றார். நரகம், கடவுளைத் தானே விட்டு விலகியவரின் நிலை என்றார். ஆகஸ்டில் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் நிலை என்றே விளக்கினார். ஆனாலும் நம் செபங்களில் அது இன்றும் ‘ஸ்தலம்’தான்.