சமநிலையைத் தேடிய சறுக்கல்கள்: றைற் சகோதரரும் வானூர்தியைத் திருப்பும் பிரச்சினையும், 1899–1905

1903 டிசெம்பர் 17 ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில், கிற்றி ஹோக் என்னும் சிற்றூருக்கு அண்மையில், ஓவில் றைற் 12 விநாடிகள் வானிற் பறந்தார். கடந்த தூரம் 120 அடி. பாடநூல்கள் வானூர்தியின் வரலாற்றை இந்நாளிலிருந்தே தொடங்குவது வழக்கம். இலக்கிய வரலாற்றிலே ஒரு நூல் வெளிவந்த ஆண்டினையே ஓர் இயக்கத்தின் பிறப்பாகக் கொள்ளும் போக்கினை நாம் நன்கறிவோம். இரண்டிலும் நேர்வது ஒன்றே: உழைப்பின் நீண்ட போக்கு மறைந்து, ஒரு கணமும் ஒரு பெயரும் மட்டும் எஞ்சுகின்றன. இக்கட்டுரையிலே அக்கணத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஆறாண்டுகளை நோக்குவோம். அந்த ஆண்டுகளிலே தீர்க்கப்பட்ட பிரச்சினை இயந்திரம் பற்றியதன்று. வானில் எழுந்த பொருளைச் சரியாது வைத்திருப்பதும் விரும்பிய திசைக்குத் திருப்புவதும் எவ்வாறு என்பதே அது.

அப்பிரச்சினையின் கொடூரம் 1896 ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டிருந்தது. ஜேர்மனியில் ஒற்றோ லிலியந்தால் இயந்திரமற்ற சறுக்கு விமானங்களிற் குன்றுகளிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை பறந்தவர். அவருக்குச் சமநிலை காக்கும் கருவி அவரது உடலே. எப்பக்கம் சிறகு உயர்ந்ததோ அப்பக்கம் கால்களை வீசி எடையை மாற்றுவார். 1896 ஓகஸ்டில் எதிர்பாராத காற்று அவரது விமானத்தின் முன்பகுதியைத் தூக்கியது. உடலசைவு போதவில்லை, விழுந்த மறுநாள் இறந்தார். சிறகு பெரிதாகுந்தோறும் மனித உடலின் எடை அதனை ஆள்வதற்குப் போதாது என்பதே இம்மரணத்தின் பாடம்.

இதற்கு நேரெதிரான வழியிற் சென்றவர், வொஷிங்ரனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளரான சாமுவேல் லாங்லி. 1896 இல் ஆளில்லாத நீராவி மாதிரி ஒன்றை அரை மைலுக்கு மேலாகப் பறக்கவிட்டு அவர் வெற்றி கண்டிருந்தார். அமெரிக்க யுத்தத் திணைக்களம் அவருக்கு 50,000 டொலர் வழங்கியது. சிறகுகளை மேல்நோக்கி வளைத்து வைத்தால் விமானம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும், ஓட்டுநர் பெரும்பாலும் ஒரு பயணியாக இருந்தாற் போதும் என்பது அவரது எண்ணம். 1903 ஒக்டோபர் 7 ஆம் நாளிலும் டிசெம்பர் 8 ஆம் நாளிலும் பொற்றோமாக் ஆற்றில் ஒரு படகுவீட்டின் மேலிருந்து வீசப்பட்ட அவரது விமானம் இரு தடவையும் ஆற்றுள் வீழ்ந்தது. அதனை ஓட்டியவருக்கு அதற்கு முன் காற்றில் ஒரு விநாடியேனும் பழக்கம் இருந்ததில்லை என்பது மனங்கொளத்தக்கது.

வில்பர், ஓவில் ஆகிய றைற் சகோதரர் இருவரும் ஒஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகரில் துவிச்சக்கர வண்டிகளைச் செய்தும் திருத்தியும் விற்றும் வாழ்ந்தவர்கள். பல்கலைக்கழகப் பட்டம் இருவருக்கும் இல்லை. இளவேனிலும் கோடையும் கடைக்கு வேலை மிகுந்த காலம். ஆகவே அவர்களது பரிசோதனைகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் அமைந்தன. இத்தொழிலை வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் நாம் கொள்ளலாகாது. துவிச்சக்கர வண்டி தானாக நிற்காது. ஓட்டுபவன் இடைவிடாது திருத்திக்கொண்டிருப்பதாலேயே அது நிற்கிறது. அன்றியும், வளைவிலே வண்டி உட்புறம் சாய்ந்தே திரும்புகிறது. வானூர்தியைக் கப்பலாகக் கற்பனை செய்தோர் அது மட்டமாக மிதந்து சுக்கானாற் திரும்ப வேண்டும் என எண்ணினர். வண்டி செய்தவர்களோ, அது சாயவேண்டும், சாய்வதை மனிதன் ஆளவேண்டும் என எண்ணினர்.

1899 ஜூலையில் வில்பர் கடையிலே வண்டி ரியூப் வைக்கும் நீண்ட காகித அட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்து முறுக்கிக் கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டார். பெட்டியின் இரு முனைகளும் எதிரெதிராகத் திருகின. ஆயினும் பெட்டியின் உறுதி குலையவில்லை. இரண்டடுக்குச் சிறகுகளையும் அவ்வாறே திருகினால், ஒரு முனை காற்றைக் கூடிய கோணத்திலும் மறு முனை குறைந்த கோணத்திலும் எதிர்கொள்ளும்; முன்னையது உயரும், பின்னையது தாழும். அக்கோடையிலேயே ஐந்தடி அகலமான பட்டம் ஒன்றைச் செய்து நான்கு கயிறுகளால் இதனைச் சோதித்தார். பட்டம் கட்டளைக்குப் பணிந்தது.

1900, 1901 ஆம் ஆண்டுகளிற் கிற்றி ஹோக் மணற்குன்றுகளில் மனிதனைச் சுமக்கும் சறுக்கு விமானங்களோடு அவர்கள் இதனைத் தொடர்ந்தனர். 1901 இல் இரு ஏமாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, சிறகின் தூக்குவிசை லிலியந்தாலின் அட்டவணையைக் கொண்டு கணித்ததிலும் மிகக் குறைவாக இருந்தது. இதற்கான விடையை அவ்வாண்டின் இறுதியில் ஆறடி நீளக் காற்றுச் சுரங்கம் ஒன்றிற் தேடினர். பழைய இரும்பரிவாள் அலகுகளையும் வண்டிச் சக்கரக் கம்பிகளையும் கொண்டு தாமே செய்த தராசுகளால் ஏறத்தாழ இருநூறு சிறகு வடிவங்களை அளந்தனர். இக்கதை பலராலும் சொல்லப்பட்டது. இரண்டாவது ஏமாற்றமே நமது பொருளுக்கு நெருக்கமானது. இடச்சிறகை உயர்த்தத் திருகியபோது விமானம் சில வேளை வலப்புறம் திரும்பாமல் இடப்புறமே திரும்பிற்று. திருகலாகிய தீர்வே புதியதொரு முரண்பாட்டைப் பெற்றெடுத்திருந்தது.

காரணம் பின்னர் தெளிவாயிற்று. கோணத்தைக் கூட்டிய சிறகு தூக்குவிசையை மட்டுமன்றிக் காற்றின் தடையையும் கூட்டிக்கொள்கிறது. அச்சிறகு பின்தங்குகிறது, மூக்கு அதன் பக்கம் திரும்புகிறது, வேகம் குறைந்த சிறகு, உயர்வதற்குப் பதிலாகத் தாழ்கிறது. இதனைத் தடுக்க 1902 ஆம் ஆண்டின் விமானத்துக்கு 32 அடிச் சிறகோடு பின்புறத்தில் அசையாத நிலைக்குத்துத் தகடுகள் இரண்டைப் பொருத்தினர். பெரும்பாலான பறப்புகள் சீராயின. ஆனால் சிலவற்றில் முன்னிலும் மோசமானதொன்று நிகழ்ந்தது. தாழ்ந்த சிறகின் பக்கமாக விமானம் வழுக்கும்போது காற்று அப்பக்கத்திலிருந்து தகடுகளைத் தாக்கி வாலைத் தள்ளியது. மூக்கு தாழ்ந்த பக்கமே திரும்பியது. உயர்ந்த சிறகு வேகம் பெற்று மேலும் உயர, தாழ்ந்தது மேலும் தாழ்ந்து மணலிற் குத்திச் சுழன்றது. சகோதரர் இதற்குக் கிணறு தோண்டுதல் எனக் கேலியாகப் பெயரிட்டனர். ஒரே தகடு ஒரு வேளையில் மருந்தாகவும் மறு வேளையில் நஞ்சாகவும் இருந்தமையே புதிரின் முடிச்சு.

ஒக்டோபர் 2 ஆம் நாள் இரவு, மிகையாகக் கோப்பி குடித்தமையால் உறக்கமின்றிக் கிடந்த ஓவில், தகடு அசையக்கூடியதாக வேண்டும் எனக் கண்டார். மறுநாள் காலை அதனைக் கூறியபோது, வில்பர் அதனை ஏற்று ஒன்றைச் சேர்த்தார்: ஓட்டுநருக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை இருக்கிறது, ஆகவே சிறகைத் திருகும் கம்பிகளோடேயே சுக்கானையும் இணைத்துவிடலாம். இரு தகடுகள் ஒரு சுக்கானாயின. திருகிய சிறகு மூக்கைத் தன் பக்கம் இழுக்கும்போது சுக்கான் எதிர்ப்பக்கம் தள்ளிற்று. அப்பருவத்தில் அவர்கள் 700 முதல் 1,000 வரையான தடவைகள் சறுக்கினர். இக்கண்டுபிடிப்பை யாருக்கு உரித்தாக்குவது என்ற வினா நமக்குப் பயனற்றதாகவே படுகிறது. ஒருவர் மணலில் விழுந்ததை மற்றவர் பார்த்து நின்றிராவிடின் இவ்வுரையாடலே நிகழ்ந்திராது.

ஆகவே 1903 இற் சேர்க்கப்பட்டது உந்துவிசையே. கடையின் தொழிலாளியான சார்ள்ஸ் ரெயிலர் ஏறத்தாழ ஆறு வாரங்களில் 12 குதிரைவலு இயந்திரத்தைக் கடைந்தெடுத்தார். சகோதரரின் மொத்தச் செலவு ஆயிரம் டொலரை எட்டவில்லை. டிசெம்பர் 14 ஆம் நாள் வில்பர் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தி மூன்றரை விநாடியில் விழுந்தார். 17 ஆம் நாளின் நான்கு பறப்புகளுட் கடைசியானது 852 அடி, 59 விநாடி. எனினும் முன்புறக் கிடைச் சுக்கான் தன் நடுவை ஒட்டிய அச்சிலே தொங்கியமையாற் தானாகவே எல்லை வரை திரும்பிக்கொண்டது. விமானம் அலைபோல் ஏறியிறங்கியது. நேர்கோட்டைத் தவிர வேறெதுவும் அன்று முயலப்படவில்லை.

வட்டமிடுதல் 1904 செப்டெம்பர் 20 ஆம் நாள், டேற்றனுக்கு அருகிலுள்ள ஹவ்மன் மேய்ச்சல் நிலத்தில் நிறைவேறியது. ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட இப்பறப்பைக் கண்டெழுதியவர் தேனீ வளர்ப்போருக்கான சஞ்சிகை ஒன்றின் வெளியீட்டாளர் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனால் இறுக்கமான திருப்பங்களில் விமானம் சில வேளை நிமிர மறுத்தது. 1905 ஜூலையில் ஓவில் கடுமையாக விழுந்தபின் முன்சுக்கானைப் பெரிதாக்கி மேலும் முன்னே நகர்த்தினர். பின்சுக்கானுக்கும் திருகலுக்கும் இருந்த இணைப்பைப் பிரித்துத் தனிக் கைப்பிடி வைத்தனர். 1902 இன் தீர்வு 1905 இல் தளையாகியிருந்தது.

ஆயினும் கோளாறு தீரவில்லை. செப்டெம்பர் 28 ஆம் நாள், வளைவிலே ஒரு முள்மரத்தை நோக்கி விமானம் சாய்ந்து செல்ல, திருகல் பயன்தராமையைக் கண்ட ஓவில் தரையிறங்கும் எண்ணத்துடன் மூக்கைக் கீழே சாய்த்தார். உடனே தாழ்ந்த சிறகு நிமிர்ந்தது. திரும்பும் விமானம் கூடிய பாரத்தைச் சுமக்கிறது. அதற்குக் கூடிய வேகம் வேண்டும். மெதுவாகச் செல்லும் உட்சிறகைத் திருகிக் கோணத்தைக் கூட்டினால் காற்று அதனை விட்டு விலகித் தூக்குவிசை அற்றுப்போகிறது. மூக்கைத் தாழ்த்தினால் வேகம் மீள்கிறது. கருவியில் எதனையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. மாறவேண்டியிருந்தது கையின் பழக்கம். ஒரு வாரத்தின் பின், ஒக்டோபர் 5 ஆம் நாள், வில்பர் அந்நிலத்தைச் சுற்றிச் சுற்றி 39 நிமிடங்களில் 24 மைல் பறந்தார்.

அதன்பின் இரண்டரை ஆண்டுகள் அவர்கள் பறக்கவேயில்லை. தம் கருவியை விற்கு முன் பிறர் பார்த்துவிடுவர் என்ற அச்சமே காரணம். அவர்களது காப்புரிமை விண்ணப்பம் 1903 மார்ச்சில், அதாவது இயந்திரம் பொருத்திப் பறப்பதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னரே, அனுப்பப்பட்டது. தாமே எழுதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட, வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினர். 1906 மே 22 ஆம் நாள் 821,393 ஆம் இலக்கக் காப்புரிமை கிடைத்தது. அதில் உரிமை கோரப்பட்டது இயந்திரத்துக்கன்று, சிறகும் சுக்கானும் இணைந்தியங்கும் ஆட்சிமுறைக்கே. மறைப்பின் விலையை ஐரோப்பா காட்டியது. ஹென்றி பாமன் 1908 ஜனவரியில் ஒரு கிலோமீற்றர் வட்டத்தை முடித்தபோது, சிறகைச் சாய்க்க வழியின்றிச் சுக்கானால் மட்டமாக இழுத்தே திரும்பினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 8 ஆம் நாள் வில்பர் பிரான்சின் லெ மான் நகருக்கு அருகே இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பறந்தார். ஆனால் அவர் சாய்ந்து வளைந்ததைக் கண்டவர்கள் தாம் எதனைத் தவறவிட்டோம் என்பதை அக்கணமே உணர்ந்தனர்.

மணலில் விழுந்து பெற்ற அறிவு அதன்பின் நீதிமன்றங்களிற் சொத்தாக வழக்காடப்பட்டது. சிறகின் விளிம்பில் தனித்தகடு பொருத்திச் சமநிலை காத்த கிளென் கேட்டிஸ் என்பார்மீது 1909 இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அத்தகைய தகட்டை இங்கிலாந்தில் மத்தியூ போல்ரன் 1868 இலேயே பதிவு செய்திருந்தார். பறந்து பார்ப்பதற்கு அவரிடம் விமானம் இருக்கவில்லை. 1912 இல் நெருப்புக்காய்ச்சலால் வில்பர் இறந்தார். 1914 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் றைற் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கா 1917 இல் உலகப் போரினுட் புகுந்தபோது, விமானம் வேண்டிய அரசின் தூண்டுதலால் உற்பத்தியாளர்கள் காப்புரிமைகளைப் பொதுத் தொகுதி ஒன்றுள் இட்டனர். அதற்குள் திருகும் சிறகைக் கைவிட்டுத் தனித்தகடுகளையே ஏறத்தாழ எல்லோரும் பொருத்திக்கொண்டிருந்தனர்.