மூன்று மணியும் இரக்கச் செபமாலையும்: இணைந்துபோன இரு மரபுகள்

அமிர்தி, வேலூர், ஆம்பூர் வட்டாரக் கத்தோலிக்கர்களுக்குப் பிற்பகல் மூன்று மணி என்றால் இறை இரக்கத்தின் செபமாலைதான். ஆனால் இச்செபத்தை உலகுக்குத் தந்த போலந்துத் துறவி புனித பவுஸ்தீனாவின் நாட்குறிப்பில் செபமாலையும் மூன்று மணியும் தனித்தனியாகவே தோன்றுகின்றன. இரண்டையும் ஒன்றாக்கியது பிற்காலப் பழக்கம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செபமாலை முதலில் வந்தது. 1935 செப்டம்பர் 13 அன்று வில்னியூஸ் மடத்தில், தண்டிக்க வந்த வானதூதர் ஒருவரைப் பவுஸ்தீனா காட்சியில் கண்டார். தம்முள் எழுந்த சொற்களால் மன்றாடியபோது அத்தண்டனை தடைபட்டது என்று எழுதுகிறார். அச்சொற்களை வழக்கமான செபமாலை மணிகளில் ஒன்பது நாள் சொல்லும் முறை மறுநாள் அவருக்கு உணர்த்தப்பட்டது. அதில் நேரக் குறிப்பு எதுவும் இல்லை.

முறை எளியது. தொடக்கத்தில் கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, விசுவாச அறிக்கை. பிறகு ஐந்து பெரிய மணிகளிலும் கிறிஸ்துவின் உடல், இரத்தம், ஆன்மா, இறைத்தன்மை ஆகியவற்றைத் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். ஐம்பது சிறிய மணிகளிலும் அவருடைய பாடுகளை முன்னிட்டு, தங்கள் மீதும் உலகம் முழுவதன் மீதும் இரக்கம் கேட்கிறார்கள். இறைவனைத் தூயவர், வல்லவர், சாவற்றவர் என மும்முறை அழைப்பதோடு செபம் முடிகிறது. அருள் நிறைந்த மரியே தொடக்கத்தில் ஒரே முறைதான் வருகிறது. மரியன்னை செபமாலையில் ஊறிய கை இங்கே சற்றுத் தடுமாறுவது இயல்பு.

இறைத்தன்மையை இறைவனுக்கே எப்படி ஒப்புக்கொடுப்பது? இறையியலாளர் சிலர் எழுப்பிய இக்கேள்வி நியாயமானதே. 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம், நற்கருணையில் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பதைச் சொல்ல இதே நான்கையும் அடுக்கியது. ஆகவே இது இறைத்தன்மையைத் தனியே பிரித்துக் கொடுப்பதல்ல. தம்மையே கையளித்த கிறிஸ்துவை முழுமையாகச் சுட்டுவது. பலிபீடத்தில் நடப்பதோடு பொதுநிலையினர் தம் மணிகளால் சேர்ந்துகொள்கிறார்கள். கேட்பதும் தமக்காக மட்டுமல்ல. இறப்போர் அருகிலும் இதைச் சொல்லும்படி நாட்குறிப்பு வற்புறுத்துகிறது.

மூன்று மணி வருவது 1937 அக்டோபரில், கிராக்கோவில். இயேசு இறந்த அந்த நேரத்தில் அவருடைய பாடுகளில் சிறிது நேரமாவது ஆழ்ந்திருக்க வேண்டும் என்பதே அழைப்பு. மறு ஆண்டுக் குறிப்பு இன்னும் தெளிவானது: கடமை இடம் கொடுத்தால் சிலுவைப்பாதை, இயலாவிட்டால் சிற்றாலயத்தில் நற்கருணை முன் சற்று நேரம், அதுவும் இயலாவிட்டால் இருக்கும் இடத்திலேயே ஒரு கணம். செபமாலை இந்த வரிசையில் இல்லவே இல்லை.

இந்த வேறுபாட்டை ஏட்டுச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பகல் ஷிப்டில் தைக்கும் பெண்ணுக்கு மூன்று மணி வேலை நேரம். மாலையைக் கையில் எடுக்க முடியாததால் செபத்தைத் தவறவிட்டதாக அவர் வருந்தத் தேவையில்லை. மிஷினில் இருந்தபடியே ஒரு கணம் பாடுகளை நினைத்தால் மூன்று மணி அழைப்பு நிறைவேறுகிறது. ஐம்பது மணிகளையும் இரவு வீட்டில் உருட்டலாம்.