கோப்பை இரண்டு: எதிராளியின் உணர்வைக் குறிக்கும் இடத்தில்

டாரட் சீட்டுகளை உறவு பற்றிய கேள்விக்காகப் பரப்பும்போது, ஓர் இடம் எதிராளியின் மனநிலைக்கு ஒதுக்கப்படுவது வழக்கம். அந்த இடத்தில் கோப்பை இரண்டு நேராக விழுந்தால், கேட்பவர் மீது அவருக்கு ஈர்ப்பும் மதிப்பும் உண்டு, அது திரும்பக் கிடைக்கும் என்றும் அவர் நம்புகிறார் என்று பொருள் கொள்வர்.

இந்தப் பொருளுக்கு அடிப்படை 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்–வெயிட் கட்டு. அதில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கோப்பை ஏந்தி எதிரெதிரே நிற்கின்றனர். ஆண் ஓரடி முன்வைத்துக் கை நீட்டுகிறான். இருவருக்கும் நடுவே பாம்புகள் பின்னிய கோலும், அதன்மேல் சிறகுள்ள சிங்கத்தலையும் உள்ளன. இருவரும் ஒரே உயரத்தில் நிற்பதே முக்கியமான குறிப்பு. ஒருதலை ஏக்கத்தை இச்சீட்டு காட்டுவதில்லை.

இதைத் திருமண உறுதியாக வாசிப்பதே பரவலான பிழை. எண் இரண்டு தொடக்கநிலையைச் சேர்ந்தது. உணர்வைச் சொல்லும் இடம் செயலைச் சொல்லாது. எடுத்துக்காட்டாக, அவரது அடுத்த செயலுக்கான இடத்தில் நாணயம் நான்கு வந்தால், அன்பு இருந்தும் அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டு வெளிக்காட்டமாட்டார் என்று கொள்ளலாம். கோப்பை இரண்டு தலைகீழாக விழுந்தால் மனத்தாங்கலையோ சமனின்மையையோ குறிக்கும், வெறுப்பை அல்ல.

நண்பர், கூட்டாளி பற்றிய கேள்வியில் இதே சீட்டு நல்லிணக்கத்தை மட்டுமே சொல்லும். இவையெல்லாம் குறியீட்டு மரபின் விளக்கங்கள். ஒருவர் மனத்தில் உள்ளதை அவரிடமே கேட்டுத்தான் உறுதிசெய்ய முடியும்.