தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் உண்டா?

கொழும்பு கோட்டையிலிருந்து புறப்படும் தலைமன்னார் ரயிலின் கடைசி நிலையத்தின் பெயர் 'தலைமன்னார் இறங்குதுறை'. நிலையத்தைத் தாண்டி நடந்தால் கடலுக்குள் நீளும் பழைய துறைமேடையும் வெளிச்சவீடும் தெரியும். இணைய வரைபடத்தில் தேடினாலும் அந்த இடம் கண்ணில் படும். இதனால் இங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடுவதாகவே பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இன்று தலைமன்னாரிலிருந்து பயணிகள் கப்பல் எதுவும் ஓடுவதில்லை. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது, கப்பல் இல்லை.

அந்தப் பெயர் 1914இல் வந்தது. அந்த ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரிலிருந்து வந்த ரயில் தனுஷ்கோடியில் நின்றது. பயணிகள் அங்கே நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, காத்திருந்த ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். இரண்டு ரயில்களையும் ஒரு கப்பலையும் ஒரே பயணச்சீட்டு இணைத்தது. அன்றைய பயணி 'கப்பல் எத்தனை மணிக்கு?' என்று தனியாக விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ரயில் அட்டவணையே கப்பல் அட்டவணையாகவும் இருந்தது.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயில் பாதையும் துறையும் போயின. அதன்பின் சேவை இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் தொடர்ந்தது. 'இராமானுஜம்' என்ற கப்பலை மன்னாரின் மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ் தாயகம் திரும்புவோர் என்று அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் இந்தத் துறை வழியாகவே போனார்கள். 1980களின் முற்பகுதியில் போர்ச் சூழலால் சேவை நின்றது. ரயில் பாதையும் சிதைந்தது. இந்தியக் கடனுதவியில் அது மீளமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார்வரை ரயில் மீண்டும் வந்தது. ரயில் திரும்பிவிட்டது, கப்பல் திரும்பவில்லை. கப்பலை மீண்டும் தொடங்குவது பற்றிய அறிவிப்புகள் அவ்வப்போது செய்திகளில் வரும். அவற்றை நம்பி யாரும் பயணத் திகதி குறிக்கக் கூடாது.

ஓர் இடம் உண்மையில் சர்வதேசப் பயணத் துறையா என்று அறிய மேடையைப் பார்த்தால் போதாது. அங்கே குடிவரவு, சுங்கம், பயணிகள் முனையம் ஆகிய மூன்றும் இயங்க வேண்டும். கடவுச்சீட்டில் முத்திரையிட அதிகாரி இல்லாத துறையிலிருந்து கப்பலும் சட்டப்படி புறப்பட முடியாது. வரைபடமோ பழைய நிலையப் பலகையோ இதைச் சொல்லாது.

வடக்கில் இந்த மூன்றும் உள்ள பயணிகள் துறை காங்கேசன்துறை. அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14 அன்று 'செரியபாணி' கப்பலுடன் தொடங்கியது. ஆனால் ஒரு வாரத்துக்குள் அது நின்றுபோனது. 2024 ஓகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கி, நவம்பரில் பருவமழையோடு இடைநிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி 22இல் திரும்பவும் ஆரம்பித்தது.

இந்தத் திகதிகளிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஒக்டோபர் கடைசியில் இறங்கினால், பாக்கு நீரிணை தை மாதம்வரை கொந்தளிப்பாகவே இருக்கும். இந்தக் கடல் ஆழம் குறைந்தது. காற்று எழும்பினால் குட்டையான, செங்குத்தான அலைகள் விரைவில் உருவாகும். பெரிய கப்பலை இங்கே ஓட்ட முடியாது. சிறிய வேகக் கப்பலோ அந்த அலையில் தாக்குப்பிடிக்காது. ஆகவே நவம்பர் முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரையான காலத்துக்கு, இணையத்தில் எந்த அட்டவணை தென்பட்டாலும், அது இந்த ஆண்டுக்குரியதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. அட்டவணையில் ஆண்டு குறிக்கப்படவில்லை என்றால் அதைப் பழையதென்றே எடுத்துக்கொள்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு. மன்னார் நகரிலுள்ள ஒரு குடும்பம் இராமேஸ்வரம் கோயிலுக்குப் போக விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் முப்பது கிலோமீற்றர்தான். ஆனால் அவர்கள் மன்னாரிலிருந்து ஏ-32 வீதியால் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து காங்கேசன்துறைக்குச் செல்ல வேண்டும். பின் கடலில் ஏறத்தாழ 110 கிலோமீற்றர், அதாவது 60 கடல் மைல். மணிக்கு 15 கடல் மைல் போகும் கப்பலுக்கு இது நான்கு மணிநேரம். அதன்பின் நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே தரைவழியாக இருநூறு கிலோமீற்றருக்கும் மேல். ஆக, இது ஒரே நாளில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் பயணம் அல்ல. திரும்புவதற்கான கப்பல் நாளும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

அவர்கள் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். முதலில் விசா. இந்திய இணைய விசா எல்லா எல்லைகளுக்கும் செல்லாது, குறிப்பிட்ட நுழைவாயில்களுக்கு மட்டுமே செல்லும். விண்ணப்பிக்கும் முன் indianvisaonline.gov.in தளத்தில் உள்ள நுழைவாயில் பட்டியலில் நாகப்பட்டினம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண விசாவே பாதுகாப்பானது. விசா கைக்கு வந்த பிறகுதான் கப்பல் நிறுவனத்தில் நேரடியாக இருக்கை எடுக்க வேண்டும். எந்தக் கிழமைகளில் கப்பல் ஓடுகிறது, முனையத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை கிலோ பொதி இலவசம், இரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்ற நான்கையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். புறப்படும் நேரத்தையும் வாயில் மூடும் நேரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குடிவரவுச் சோதனை உள்ளதால் கப்பல் நிற்கும்போதே வாயில் மூடப்பட்டுவிடும். முதல் நாள் மாலையில் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நிறுவனத்துக்கு ஒரு தடவை தொலைபேசி எடுங்கள். மன்னாரிலிருந்து விடிய முன் கிளம்பிப் போய்த் திரும்பி வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குறுகிய தூரம் என்பதால் மீன்பிடிப் படகில் ஏற்றிவிடுவதாகச் சொல்பவர்கள் உண்டு. 2022இல் பொருளாதார நெருக்கடி தாங்காமல் அப்படிப் போனவர்களில் சில குடும்பங்கள், குழந்தைகளோடு, இராமர் பாலத்து மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டன. அந்தத் திட்டுகளில் நிழலும் இல்லை, குடிநீரும் இல்லை. படகோட்டி எல்லைக் கோட்டுக்கு அப்பால் போகப் பயப்படுவார். 'கரை வந்துவிட்டது' என்று அவர் காட்டும் மணல், கரை அல்ல. கண்டுபிடிக்கப்படும்வரை அங்கேயே காத்திருப்பதுதான் கதி.

தலைமன்னாரில் மீண்டும் கப்பல் வந்தால் அதன் முதல் அடையாளம் மேடையில் தெரியாது. குடிவரவு அலுவலகம் திறக்கப்படும், சுங்க அதிகாரிகள் நியமிக்கப்படுவார்கள், ஒரு நிறுவனம் திகதியிட்ட பயணச்சீட்டு விற்கத் தொடங்கும். இந்த மூன்றும் நடக்கும்வரை தலைமன்னார் இறங்குதுறை ஒரு ரயில் நிலையம்தான்.