வடிகாதும் மூளிக்காதும்

மகளிர் காதணி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அணியின் பெயரையும் வடிவையும் ஆராய்வரேயன்றி, அதனைத் தாங்கிய காதினை நோக்குவதில்லை. பொன் உருக்கப்பட்டு வேறு உருப்பெறும். காதோ அணிந்த பாரத்தின் சுவட்டைத் தன்னிடத்தே இறுதிவரை கொண்டிருக்கும். அச்சுவட்டை மாற்ற முற்பட்டார் செயலும் வரலாறேயாகும். அதனை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

காதின் தாழ்ந்த மடலை நீட்டி வளர்த்தல் தமிழ்நாட்டிற் பழைமையானது. சிலப்பதிகாரத்து அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கணவனைப் பிரிந்த கண்ணகி குழையை நீத்தமையால் அவள் காது வடிந்து தொங்கியதாக இளங்கோவடிகள் கூறுவர். அணி நீங்கியவழியே வடிவு புலப்படுகின்றது என்பது கருதத்தக்கது. இயல்பான காதாயின் குழை நீங்கினும் வடிந்து வீழ்தற்கு இடமில்லை. மகளிர் காதினை வள்ளைக்கொடியோடு ஒப்பிடும் புலவர் வழக்கும் இந்நீட்சியை உட்கொண்டதே என்பது எம் கருத்து.

இந்நீட்சியைச் செய்த முறையைச் சொற்களே காட்டும். தோடு என்பது ஓலைச் சுருள். துளையினுட் செருகிய ஓலைச்சுருள் விரிய முயன்று துளையை நாற்புறமும் அகற்றும். பின்னர்ச் சிறுமியரின் காதிற் குணுக்கு என்னும் ஈய வளையத்தை இட்டுத் தொங்கவிடுவர். ஓலை அகற்றுவது, ஈயம் இழுப்பது. இரண்டும் முடிந்தபின் காது தோளை நோக்கி ஒரு கயிறுபோல இறங்கும். அதன்மேற்றான் பாம்படமும் தண்டட்டியும் ஏறின. பொற்றகட்டின் உள்ளே அரக்கு நிரப்பிச் செய்யப்படும் பாம்படம் காண்பதற்குத் தோன்றுமளவு கனமுடையதன்று. ஆயினும் மெலிந்த மடலுக்கு அதுவே மிகையாம். பாண்டிநாட்டுப் பகுதிகளில் இவ்வழக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நிலவியது. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளும் இதனைப் பதிவு செய்துள்ளன.

நீண்ட மடல் வடிகாது. அறுந்த மடல் மூளிக்காது. மடல் அறுவது திடீரென நேர்வதாக எண்ணுதல் பிழை. மெல்லிய கம்பி தோலை நாள்தோறும் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே கீழிறங்கும். அறுபட்ட வழியெல்லாம் உட்புறத்தே தோல் படர்ந்துவிடும். ஆதலின் புண்ணே தெரியாமல் துளை நீண்ட பிளவாகின்றது. இறுதியில் எஞ்சிய விளிம்பு, குழந்தையின் கைபட்டோ சீலை சிக்கியோ அறும். தோல் மூடிய இரு விளிம்புகளையும் எத்துணை நாள் இறுகக் கட்டிவைப்பினும் அவை ஒட்டா. இவ்வுண்மையை அறிந்தாலன்றி, காதினைச் செப்பஞ்செய்யும் முறைகள் எதனையும் விளங்கிக்கொள்ள இயலாது.

இதனைத் தெளிய அறிந்திருந்தவர் சுசுருதர். அவர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூலின் சூத்திரத்தானத்துப் பதினாறாம் அதிகாரம் காது குத்துதலையும், துளையிலிடும் திரியை மூன்று நாட்கொருமுறை பருமனாக்கி வளர்த்தலையும், அறுந்த காதினை ஒட்டுதலையும் ஒருங்கே கூறும். ஒட்டும் வகை பதினைந்து என்றும், அவற்றுள் இறுதி ஐந்தும் பயன்தாரா என்றும் அந்நூல் வரையறுக்கின்றது. ஒட்டுவதற்கு முன் விளிம்புகளை வெட்டியும் சுரண்டியும் புதுப்புண் ஆக்குதல் வேண்டும். பின்னர்ப் பொருத்தித் தேனும் நெய்யும் பூசி, பஞ்சும் துணியும் வைத்து நூலாற் கட்டி, சுட்ட மண்ணோட்டின் பொடி தூவ வேண்டும். மடல் போதாதவிடத்துக் கன்னத்துத் தசையை, அதன் வேர் அறாதபடி, எடுத்துப் பொருத்துமாறும் சொல்லப்பட்டுள்ளது. மூக்கினை மீண்டும் அமைக்கும் புகழ்பெற்ற முறை இவ்வதிகாரத்தின் ஈற்றிலேதான் வருகின்றது. மூக்கிற்கு உலகம் தந்த புகழைக் காதுக்குத் தரவில்லை.

இனி இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். பொன் வாணிகத்தாற் பெயர்பெற்ற தியாகராய நகரில் மகன் இல்லத்தில் வாழும் மூதாட்டியார் ஒருவரை யாம் அறிவோம். சிவகங்கைப் பக்கத்தவர், இளமையிற் பாம்படம் அணிந்தவர். வலக்காது தோளை எட்டும் வளையமாகத் தொங்கியது. இடக்காது அறுந்து இரு வால்களாக நின்றது. பேத்தியின் திருமணத்தை முன்னிட்டுக் காதினைச் சிறிதாக்கிக்கொள்ள அவர் விரும்பினார். 'அறுந்த காதோடு பந்தலில் நிற்கமாட்டேன்' என்பது அவர் சொல். முதலில் ஓர் அழகு நிலையத்திற் காடித்தன்மை வாய்ந்த மருந்தொன்றைத் தடவி ஒட்ட முயன்றனர். அம்முறை துளை சிறிதே விரிந்தார்க்கு ஓரளவு உதவலாம்; முழுதும் அறுந்த காதிற்கு உதவாது. தோல் வெந்து, புண் ஆறவே ஒரு திங்கள் ஆயிற்று.

பின்னர் அறுவை மருத்துவர் ஒருவர் செய்தது சுசுருதர் கூறிய நெறியினின்று அடிப்படையில் வேறுபட்டதன்று. மரப்பூசி இட்டு, இடக்காதின் இரு வால்களிலும் மிகையானவற்றை அரிந்து நீக்கி, உள்விளிம்புத் தோலைக் களைந்து, முன்னும் பின்னும் தனித்தனியே தைத்தார். வலக்காதின் வளையத்தையும் வெட்டிக் குறுக்கிப் பொருத்தினார். ஈண்டு ஒரு நுட்பம் உளது. தையலை நேர்கோடாக அமைப்பின், ஆறிய தழும்பு சுருங்கி மேல்நோக்கி இழுக்க, மடலின் அடிவிளிம்பில் ஒரு குழி தோன்றும். ஆகலின் அவர் விளிம்பருகே கோட்டைப் படிபோல் மடித்துத் தைத்தார். குழி காணப்படின் நேர்கோட்டுத் தையலே பெரும்பாலும் காரணம் எனக் கொள்ளலாம். ஏழாம் நாள் தையல் பிரிக்கப்பட்டது. தழும்பு தடித்துப் புடைக்கும் உடல்வாகு உடையார்க்கு இவ்வறுவை இன்னலாக முடிதலும் உண்டு. அதனால், அவருடைய பழைய தழும்புகளை முன்னரே மருத்துவர் பார்த்துக்கொண்டார்.

மீண்டும் காது குத்துவதிலேதான் பலர் தவறுகின்றனர். பழைய இடமே அழகென்று தழும்பின்மேற் குத்திக்கொள்வர். ஆறிய தழும்பு மூன்று திங்களில் இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடையும், அதற்குமேல் ஏறுவதில்லை. அங்கே துளையிட்டால் பிளவு பழைய வழியே மீண்டும் இறங்கும். மூதாட்டியார் மூன்று திங்கள் பொறுத்து, தழும்பினின்று சற்று விலகிய புதிய இடத்திற் குத்திக்கொண்டார். திருமணம் அதற்கு முன்னரே நிகழ்ந்தமையால், பந்தலில் அணியின்றியே நின்றார்.

அணி தெரிந்தெடுத்தலில் எடை ஒன்றையே நோக்குதல் போதாது. நான்கு கிராம் எடை தடித்த தண்டின்மேல் தங்குவதும் மெல்லிய கொக்கியிற் தொங்குவதும் ஒன்றல்ல. கொக்கி நூல்போல் அறுக்கும். தொங்கி ஆடும் ஜிமிக்கி நடைதோறும் இழுக்கும். மடலை ஒட்டி அமரும் திருகாணித் தோடு அங்ஙனம் செய்யாது. பெரிய அணி வேண்டுவார்க்கு மாட்டல் என்னும் சங்கிலி பழைய தீர்வு. காதின் பாரத்திற் பெரும்பகுதியைக் கூந்தல் ஏற்கும். இதனை ஒப்பனையென்றே கருதுவோர் அதன் தொழிலை அறியார். மூதாட்டியார் இரண்டும் சேர்ந்து இரண்டு கிராமே உள்ள திருகாணித் தோட்டினைத் தெரிந்துகொண்டார். பாம்படத்தைக் கடையில் மாற்றக் கொடுத்தபோது அரக்கை நீக்கியே எடை போட்டனர். எஞ்சிய பொன்னின் அளவைக் கேட்டு, 'இதற்கா இத்தனை நாள் காதை வளர்த்தேன்' என்று நகைத்தாராம். அரக்கினை மட்டும் தாளில் மடித்து வாங்கிவந்து பெட்டியில் வைத்துள்ளார்.