சரியும் சந்தையில் ஸ்டாப் லாஸ்: ஒரு வர்த்தக சாதனத்தின் சரித்திரம்

பங்கு வைத்திருப்பவர் தம் தரகரிடம், இன்ன விலைக்குக் கீழே பங்கு இறங்கினால் உடனே விற்றுவிடுக என்று முன்கூட்டியே கொடுத்துவைக்கும் கட்டளையே ஸ்டாப் லாஸ் உத்தரவு. இதை நஷ்டத்துக்கு ஓர் எல்லை வகுக்கும் உபாயம் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் இந்த உத்தரவின் சரித்திரத்தை, அமெரிக்கச் சட்டம் அதை முதன்முதலில் கவனித்த 1934ஆம் ஆண்டு முதல் நம் தேசியப் பங்குச் சந்தை அதன் ஒரு வடிவத்தை நீக்கிய 2021ஆம் ஆண்டு வரை தொடர்ந்து நோக்கினால், அது எல்லை வகுப்பது நஷ்டத்துக்கு அன்று, விற்பனை தொடங்கும் கணத்துக்கு மட்டுமே என்பதும், அந்தக் கணத்தில் என்ன விலை கிடைக்கும் என்பதை அது ஒருகாலும் நிர்ணயித்ததில்லை என்பதும் புலனாகும்.

இதன் இயக்கத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம். ஒருவர் 100 ரூபாய்க்கு விற்கும் ஒரு பங்கில் ஆயிரம் வைத்திருந்து, 95 ரூபாயை டிரிக்கர் விலையாகக் குறித்திருக்கிறார் என்று கொள்வோம். சந்தையில் 95 ரூபாய்க்கு ஒரு வியாபாரம் நடந்த அக்கணமே அவருடைய உத்தரவு உறக்கம் நீங்கி, கிடைத்த விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டராக உருமாறுகிறது. அதன்பின் 95 என்னும் எண்ணுக்கு எவ்விதமான அதிகாரமும் இல்லை. அவ்வேளையில் 94.80க்கு 200 பங்கும், 94க்கு 300 பங்கும், 91க்கு 500 பங்கும் வாங்குவதற்கு மட்டுமே ஆட்கள் நிற்பார்களாயின், அவருடைய ஆயிரம் பங்கும் அந்த மூன்று படிகளில் இறங்கிச் சராசரியாக 92.66க்கு விற்றுப்போகும். இது அவருக்கு நேர்ந்த இழப்பு. சந்தைக்கு நேர்வதோ வேறு: கடைசி வியாபாரம் 91 ரூபாயில் பதிவாகிவிட்டதனால், 94லும் 93லும் 92லும் டிரிக்கர் குறித்துவைத்திருந்த பிறருடைய உத்தரவுகளெல்லாம் ஒருசேர விழித்துக்கொள்கின்றன, 91க்குக் கீழே வாங்குவோர் எவரும் இல்லையெனில் அவை எந்த ஆழத்திலும் போய் விழும். ஆக, ஸ்டாப் லாஸ் என்பது விலை இறங்க இறங்க விற்பனையைக் கூட்டுகிற உத்தரவு. சாதாரணமாக ஒரு பொருளின் விலை குறைந்தால் வாங்குவோர் பெருகி விற்போர் குறைவர் என்னும் நியதிக்கு இது நேர் எதிரானது.

இந்த அபாயத்தைப் பழைய தலைமுறையினர் உணராமலில்லை. 1929ஆம் ஆண்டு வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்கக் காங்கிரஸ் 1934இல் இயற்றிய பங்குச் சந்தைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, கைவசம் இல்லாத பங்கை விற்கும் ஷார்ட் விற்பனையையும் ஸ்டாப் லாஸ் உத்தரவையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் கூறி, இரண்டையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் புதிதாக அமைந்த ஆணையத்திடம் ஒப்படைத்தது. சிறு முதலீட்டாளரின் பாதுகாப்புக் கவசம் என்று இன்று விற்கப்படும் ஒன்றை, அக்காலத்துச் சட்டமியற்றியவர்கள் ஷார்ட் விற்பனைக்கு இணையான சந்தேகத்துடன் நோக்கினர் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அந்நாளில் நியூயார்க் சந்தையில் ஒவ்வொரு பங்குக்கும் ஸ்பெஷலிஸ்ட் எனப்படும் ஒருவர் பொறுப்பாக இருந்தார். தரகர்கள் கொடுத்துவைத்த ஸ்டாப் உத்தரவுகள் அவருடைய புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தன. எந்த விலையில் எவ்வளவு விற்பனை காத்திருக்கிறது என்பது அவர் ஒருவருக்கேனும் தெரிந்திருந்தது. வீழ்ச்சியின் வேகத்தைத் தணிக்கத் தம் கைப்பணத்தைக் கொண்டு வாங்கும் கடமையும் அவருக்கு இருந்தது. அந்தப் புத்தகம் சில தருணங்களில் அவருக்கே ஆதாயமாக முடிந்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். ஆயினும் காத்திருக்கும் விற்பனையின் அளவை அறிந்த ஒரு மனிதர் இருந்தார் என்பதும் உண்மை.

1987 அக்டோபர் 19 அன்று அந்த அறிவும் பயனற்றுப் போயிற்று. அன்று ஒரே நாளில் டவ் ஜோன்ஸ் குறியீடு 508 புள்ளிகளை, அதாவது 22.6 சதவீதத்தை இழந்தது. வீழ்ச்சியை விசாரித்த பிரேடி குழு, போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ் என்ற முறையைப் பின்பற்றிய பெரும் நிதி நிறுவனங்களின் விற்பனைக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்று கண்டது. சந்தை இறங்கும்போதெல்லாம் கணக்கிட்ட அளவில் ஃபியூச்சர்ஸை விற்றுக்கொண்டே போகும் அம்முறை, பெயரால் இன்ஷூரன்ஸ் ஆயினும், இயல்பால் பல படிகளாகப் பிரித்து வைத்த ஸ்டாப் லாஸே. ஆனால் எந்த ஸ்பெஷலிஸ்டின் புத்தகத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. காத்திருக்கும் விற்பனை இவ்வளவு என்று எவருக்கும் தெரியாமையால், அதை எதிர்கொள்ளும் பணத்தை எவரும் முன்கூட்டித் திரட்டி வைக்கவில்லை.

2010 மே 6 அன்று பிற்பகலில் சில நிமிடங்களுக்குள் டவ் குறியீடு ஏறக்குறைய ஆயிரம் புள்ளிகள் சரிந்து, அதே வேகத்தில் பெருமளவு மீண்டது. சிகாகோ சந்தையில் எஸ் அண்டு பி ஃபியூச்சர்ஸ் வியாபாரத்தை ஐந்தே வினாடிகள் நிறுத்திவைத்த தானியங்கி ஏற்பாடு ஒன்றுக்குப் பின்னரே விலை திரும்பத் தொடங்கியது. ஸ்டாப் உத்தரவுகள் அடுக்கடுக்காக விழித்து விலையை வீழ்த்தும் நிலையைக் கண்டறிவதற்கென்றே அமைக்கப்பட்டிருந்தது அந்த ஏற்பாடு. அதன் பெயரே ஸ்டாப் லாஜிக். அன்று பிற்பகலிலேயே 40 டாலர் மதிப்புள்ள அக்செஞ்சர் நிறுவனத்தின் பங்கு ஒரு சென்டுக்குக் கைமாறியது. வாங்கும் உத்தேசம் சிறிதுமின்றி, விலை கூற வேண்டும் என்னும் விதியை நிறைவேற்றுவதற்காக மட்டும் சந்தை நடத்துநர்கள் போட்டுவைத்திருந்த பெயரளவு விலை அது. சந்தைகள் பிறகு கூடி, பிற்பகல் 2.40 மணி விலையிலிருந்து 60 சதவீதத்துக்கோ அதற்கு மேலோ விலகி நடந்த இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வியாபாரங்களை ரத்துச் செய்தன. இதில் மறைந்திருக்கும் அநீதியைக் கவனிக்க வேண்டும்: ஒரு சென்டுக்கு விற்றவருக்குப் பங்கு திரும்பக் கிடைத்தது, பாதி விலைக்கு விற்றவருடைய விற்பனையோ விற்பனையாகவே நின்றது.

இச்சரித்திரத்தின் மிகத் தெளிவான பாடம் 2015 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை காலையில் இருக்கிறது. சீனச் சந்தை அன்று எட்டு சதவீதத்துக்கும் மேல் விழுந்த செய்தியோடு நியூயார்க் திறந்தது. திறந்த சில நிமிடங்களில் டவ் 1,089 புள்ளிகள் இறங்கியது. விற்பனை ஆர்டர்கள் குவிந்திருந்தமையால் அநேகப் பங்குகளின் வியாபாரம் மணி அடித்த உடனே தொடங்கவில்லை. இங்கேதான் ஈ.டி.எஃப் என்னும் கூட்டுப் பங்குகளுக்கு இக்கட்டு நேர்ந்தது. ஒரு ஈ.டி.எஃப்பின் நியாய விலையை, அதனுள் அடங்கிய பங்குகளின் விலைகளைக் கூட்டியே நடத்துநர்கள் அறிகின்றனர். உள்ளே உள்ள பங்குகளில் பல இன்னும் திறக்காதபோது அந்தக் கணக்கு ஊகமாகிவிடுகிறது. ஊகத்தை நம்பிப் பணம் வைக்க விரும்பாத நடத்துநர்கள் தங்கள் வாங்கும் விலையைப் பல படிகள் கீழே இறக்கிக்கொண்டனர். அந்த வெற்றிடத்துக்குள் முந்திய வாரங்களில் கொடுத்துவைத்த ஸ்டாப் உத்தரவுகள் விழுந்தன. விலை வரம்பு மீறியதற்காக அன்று ஒரு நாளில் மட்டும் 471 பங்குகளிலும் ஈ.டி.எஃப்களிலுமாக 1,278 முறை வியாபாரம் நிறுத்தப்பட்டது.

வான்கார்டு நிறுவனத்தின் அன்றாட நுகர்பொருள் ஈ.டி.எஃப்பை எடுத்துக்கொள்வோம். சோப்பும் பற்பசையும் பானங்களும் விற்கும் நிதானமான நிறுவனங்களின் தொகுதி அது. அன்று காலை அதனுள் இருந்த பங்குகளின் மதிப்பு 9 சதவீதம் அளவில் இறங்கியபோது, அந்த ஈ.டி.எஃப்பின் விலை 32 சதவீதம் விழுந்தது. முந்திய நாள் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், உள்ளிருந்த சொத்து 91க்குக் கீழே போகவில்லை. ஆனால் 90இல் ஸ்டாப் வைத்திருந்த ஒருவருடைய உத்தரவு விழித்து, எழுபதுக்கு அருகிலோ அதற்கும் கீழோ விற்றிருக்கக்கூடும். எந்த நஷ்டத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அவர் அந்த உத்தரவைக் கொடுத்தாரோ, அந்த நஷ்டம் அவருடைய சொத்துக்கு ஏற்படவே இல்லை. உத்தரவே அதை உண்டாக்கியது. உள்ளிருந்த பங்குகள் ஒவ்வொன்றாகத் திறந்து வியாபாரமானதும் ஈ.டி.எஃப்பின் விலை அதன் சொத்து மதிப்பை நோக்கி மீண்டது. விற்றவர் மட்டும் வெளியே நின்றார்.

இதன் விளைவாக நியூயார்க் பங்குச் சந்தை அவ்வாண்டு நவம்பரில் ஓர் அறிவிப்பை வெளியிட்டு, 2016 பிப்ரவரி 26 முதல் ஸ்டாப் உத்தரவுகளைத் தான் ஏற்பதில்லை என்று முடிவுகட்டியது. உத்தரவு அத்துடன் மறையவில்லை. தரகர்கள் அதைத் தங்கள் கணினிகளில் வைத்துக்கொண்டு, டிரிக்கர் தொட்டதும் சாதாரண ஆர்டராகச் சந்தைக்கு அனுப்புகின்றனர். முன்பு ஒரு ஸ்பெஷலிஸ்டின் புத்தகத்தில் ஒருங்கே இருந்தவை இப்போது பல தரகர்களிடம் சிதறிக் கிடக்கின்றன. இதனை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் இந்த உத்தரவு எங்கே உதவுகிறது? கேத்ரின் காமின்ஸ்கியும் ஆண்ட்ரூ லோவும் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒரு சீரான விடை தருகிறது. விலையின் போக்குக்கு நினைவே இல்லையெனில் ஸ்டாப் லாஸ் சராசரி வருமானத்தைக் குறைக்கவே செய்யும். இறங்கிய விலை மீளும் சுபாவம் உடையதெனில் மேலும் குறைக்கும். இறங்கத் தொடங்கியது இறங்கிக்கொண்டே போகும் சுபாவம் உடையதெனில் மாத்திரமே அது பயன் தரும். என்ரான் நிறுவனத்தின் பங்கு இந்த மூன்றாம் வகைக்குத் தக்க உதாரணம். 2001 தொடக்கத்தில் 80 டாலர் அளவில் இருந்த அது, ஆகஸ்டு முடிவில் 40க்குக் கீழே வந்து, நவம்பர் முடிவில் ஒரு டாலருக்கும் கீழே மடிந்தது. அந்த வீழ்ச்சி மாதக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு படியிலும் வாங்குவோர் இருந்தனர். 64 டாலரில் ஸ்டாப் வைத்தவர் அதை ஒட்டிய விலையில் வெளியேறியிருப்பார். என்ரானின் வீழ்ச்சி கம்பெனியைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லிற்று. 2015 ஆகஸ்டில் ஈ.டி.எஃப்களின் வீழ்ச்சியோ வாங்குவோர் அக்கணம் இல்லை என்பதை மட்டுமே சொல்லிற்று. டிரிக்கர் விலைக்கு இவ்விரண்டையும் பிரித்தறியும் சக்தி கிடையாது.

உண்மையான செய்தியும் வாங்குவோர் இன்மையும் ஒருங்கே வருவதும் உண்டு. 2015 ஜனவரி 15 அன்று ஸ்விட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் காத்துவந்த எல்லையை எச்சரிக்கையின்றிக் கைவிட்டது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கு, இடையே விலையே இல்லாத பள்ளத்தைத் தாண்டி வெகு தூரம் கீழேதான் வியாபாரம் முடிந்தது. கடன் வாங்கி விளையாடியவர்கள் முதலையும் இழந்து தரகருக்குக் கடனாளிகளாயினர், எஃப்.எக்ஸ்.சி.எம் நிறுவனத்துக்கு அவ்வாறு வரவேண்டிய தொகை 22.5 கோடி டாலர்.

இந்தியாவில் இப்பிரச்சினை ஆப்ஷன் வியாபாரத்தில் தலையெடுத்தது. 2021 ஆகஸ்டு 20 அன்று நிஃப்டியின் 16450 கால் ஆப்ஷன் ஒரு கணத்தில் 800 ரூபாயைத் தாண்டிக் குதித்துத் திரும்பியது. அதை விற்றுவைத்து, மேலே ஸ்டாப் போட்டிருந்தவர்களின் வாங்கும் உத்தரவுகள் அந்தக் குதிப்புக்குள் சிக்கின. தேசியப் பங்குச் சந்தை அவ்வாண்டு செப்டம்பர் 27 முதல் ஆப்ஷன்களில், கிடைத்த விலைக்கு வியாபாரமாகும் எஸ்.எல்-எம் வகையை நீக்கிற்று. மும்பைப் பங்குச் சந்தை 2023 அக்டோபர் 9 முதல் தன் எல்லாப் பிரிவுகளிலும் அவ்வாறே செய்தது. இனி டிரிக்கரோடு ஒரு லிமிட் விலையும் எழுதியாக வேண்டும். 100 ரூபாய்க்கு ஓர் ஆப்ஷனை விற்றவர் டிரிக்கர் 120, லிமிட் 130 என்று எழுதுகிறார். விலை 800க்குக் குதித்தாலும் அவர் 130க்கு மேல் கொடுத்து வாங்க மாட்டார். ஆனால் விலை 119இலிருந்து நேரே 140க்குத் தாவி, திரும்பாமல் மேலேயே போகுமாயின், அவருடைய ஆர்டர் நிறைவேறாமல் 130இல் நின்றுவிடும். நஷ்டமோ ஏறிக்கொண்டே போகும். டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி எவ்வளவு என்பதை, ஆர்டர் புத்தகத்தில் எத்தனை பேர் எந்தெந்த விலையில் நிற்கிறார்கள் என்று பார்த்து, அவரே ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.