குறியெண் ஒப்பீடும் தமிழ் அகரவரிசையும்

குறியெண் ஒப்பீடு என்பது, ஒருங்குறி ஒவ்வொரு எழுத்துக்கும் தந்துள்ள எண்ணை மட்டும் பார்த்துச் சொற்களை ஏறுவரிசையில் அடுக்கும் முறை. கணினி நிரல்களில் பெரும்பாலும் இயல்பாக நடப்பது இதுவே. இவ்வாறு அடுக்கிய தமிழ்ப் பட்டியல் அகராதியின் வரிசையோடு பொருந்தாது. ‘அகம்’ ‘அக்கா’வுக்கு முன்னால் நிற்கும், ‘மனம்’ ‘மரம்’ என்பதை முந்திவிடும், ‘ஜாடி’ ‘ஞாயிறு’க்கு முன்னே புகுந்துகொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. அ, ஆ, இ என்றும் க, ச, த, ப என்றும் பட்டியல் ஒழுங்காகச் செல்வதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. குறிப்பிட்ட ஒரு பெயரைத் தேடி, இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லாதபோதுதான் தெரியவரும்.

தமிழ் அகரவரிசையில் பன்னிரண்டு உயிரெழுத்துகளும் அவற்றையடுத்து ஆய்தமும் வரும். பின்னர் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற பதினெட்டு மெய்வரிசைகளும், இறுதியில் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளும் அமையும். ஒவ்வொரு மெய்வரிசைக்குள்ளும் புள்ளி வைத்த மெய்யே முதலில் நிற்கும்: க், க, கா, கி, கீ என்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ‘அக்கா’வைத் தேடுபவர் ‘அகம்’ என்ற சொல்லுக்கு முன்பக்கங்களில்தான் தேடவேண்டும்.

ஒருங்குறியின் வரிசை வேறிடத்திலிருந்து வந்தது. இந்திய மொழிகளுக்காக உருவான இஸ்கி குறியேற்றத்தின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்பு, எல்லா இந்திய எழுத்துமுறைகளுக்கும் ஒரே சட்டகத்தைப் பயன்படுத்தியது. தேவநாகரியே அதற்கு அடிப்படை. ஒருங்குறி அந்த அமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, தமிழுக்கு U+0B80 முதல் U+0BFF வரை இடம் ஒதுக்கியது. ஒலியால் ஒத்த எழுத்துகள் எல்லா மொழிகளிலும் ஒரே தொலைவில் இருந்தால் ஒரு எழுத்துமுறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிது என்பதே நோக்கம். அதனால் ‘ன’ தமிழ் வரிசையின் கடைசி இடத்தை இழந்து, ‘ந’வுக்கு அடுத்து U+0BA9-இல் அமர்ந்தது, ‘ற’ ‘ர’வுக்குப் பக்கத்தில் U+0BB1-க்கும், ‘ள’வும் ‘ழ’வும் ‘ல’வுக்குப் பின்னால் U+0BB3, U+0BB4 ஆகிய இடங்களுக்கும் போயின. ஒருமுறை ஒதுக்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. ஏற்கெனவே சேமித்த கோப்புகள் பாழாகாமல் இருக்க அது வேண்டும். எனவே எண்களைத் திருத்தி இக்குறையைப் போக்க வழியில்லை. எழுத்துக்கு அடையாளம் தருவது வேறு, அதன் வரிசையைத் தீர்மானிப்பது வேறு என்ற பிரிவினையின்மேல்தான் தீர்வு நிற்கிறது.

பிழைகளில் மிகுதியாகக் கண்ணில் படுவது புள்ளியால் வருவது. ஒருங்குறியில் ‘க்’ என்பது ஒரே எழுத்தன்று. ‘க’ என்ற எழுத்தும் அதன்பின் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியெண்கள். புள்ளியின் எண் U+0BCD. அது எல்லா மெய்களுக்கும் (U+0B95 முதல் U+0BB9 வரை) பின்னால் இருக்கிறது. துணைக்கால் முதலான உயிர்க்குறிகளுக்கும் (U+0BBE முதல் U+0BCC வரை) பின்னால் இருக்கிறது. ‘அகம்’, ‘அக்கா’ ஆகிய இரண்டிலும் முதல் இரண்டு எண்கள் ஒன்றே. மூன்றாவதாக ஒன்றில் ‘ம’ (U+0BAE), மற்றொன்றில் புள்ளி (U+0BCD). சிறிய எண் முந்துவதால் ‘அகம்’ முதலில் வருகிறது. ‘அகோரம்’ கூட ‘அக்கா’வை முந்திவிடும், ஓகாரக் குறியின் எண் U+0BCB என்பதால். ஆக, ஒரு வரிசையின் தலையில் நிற்கவேண்டிய மெய், ஔகாரத்துக்கும் அப்பால் வாலில் போய் நிற்கிறது. க்க, ட்ட, ந்த, ம்ப போன்ற மெய்ம்மயக்கங்கள் தமிழில் மலிந்திருப்பதால் பாதிப்பு எங்கும் பரவுகிறது. அகர உயிர்மெய்க்கு மட்டும் இந்த அமைப்பு நன்மையே செய்கிறது: உயிர்க்குறிகள் மெய்களுக்குப் பின்னால் இருப்பதால் ‘கடல்’ ‘காடு’க்கு முன்னால் சரியாகவே வந்துவிடுகிறது.

ஆய்தத்தின் எண் U+0B83. அது ‘அ’வுக்கும் (U+0B85) முந்தியது. ‘அஃது’, ‘இஃது’ போன்ற சொற்களில் இதனால் கேடில்லை. ஆய்தம் மெய்களுக்கு முன் வரவேண்டும் என்ற மரபு அங்கே தற்செயலாகக் காப்பாற்றப்படுகிறது. ஆனால் ஆய்தத்தில் தொடங்கும் இக்காலப் பெயர்களும் கடன்சொற்களும் பட்டியலின் உச்சிக்கே ஏறிவிடுகின்றன.

பத்துப் பெயர்களைக் கொண்டு இதைப் பார்க்கலாம். குறியெண் ஒப்பீடு தரும் வரிசை: ஃபாத்திமா, அனிதா, அன்பு, அமுதா, அரசி, கணேசன், கண்ணன், ஜானகி, ஞானம், வள்ளி. அகரவரிசை: அமுதா, அரசி, அன்பு, அனிதா, ஃபாத்திமா, கண்ணன், கணேசன், ஞானம், வள்ளி, ஜானகி. இடம் மாறாமல் இருப்பது ‘அன்பு’ ஒன்றே, அதுவும் தற்செயலாக. ‘அனிதா’வும் ‘அன்பு’வும் ‘அமுதா’வைத் தாண்டி முன்னேறியது ‘ன’வின் எண்ணால், தங்களுக்குள் இடம் மாறியது புள்ளியின் எண்ணால். ‘கண்ணன்’ பின்தங்கியதற்கும் புள்ளியே காரணம். ‘ஜ’ U+0B9C-இல், ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடையே இருப்பதால் கடைசியில் வரவேண்டிய ‘ஜானகி’ நடுவில் வந்துவிட்டாள்.

இதைச் சரிசெய்வது மொழிக்குரிய வரிசை விதி. இதில் எழுத்துகளின் எண்கள் நேரடியாக ஒப்பிடப்படுவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனியே ஓர் எடை தரப்பட்டு, எடைகளே ஒப்பிடப்படுகின்றன. பல குறியெண்கள் சேர்ந்த தொடருக்கு ஒரே எடை தரவும் இடமுண்டு. தமிழ்ப் புள்ளிச் சிக்கல் தீர்வது இவ்வசதியால்தான்: ‘க’வும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் அவற்றை ஒரே அலகாக எடுத்து, தனித்த ‘க’வைவிடக் குறைந்த எடை தந்துவிடலாம். ஒருங்குறி அமைப்பு பேணும் சி.எல்.டி.ஆர். என்ற மொழித் தரவுத் தொகுப்பில் தமிழுக்கான விதி இப்படித்தான் உள்ளது, ஐ.சி.யூ. நிரலகம் வழியாக அது உலாவிகளிலும் தரவுத்தளங்களிலும் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் வேறுபாடு ஒரே வரிதான்:

```
const s = ["அகம்", "பல", "அக்கா", "பல்"];
s.sort();
// அகம், அக்கா, பல, பல்
s.sort(new Intl.Collator("ta").compare);
// அக்கா, அகம், பல், பல
```

மொழி எதுவென்று சொல்லாத பொது விதி ஒன்றும் உண்டு. அதுவும் எடை கொண்டு ஒப்பிடுவதே. ஆனால் புள்ளியை உயிர்க்குறிகளுக்குப் பின்னாலேயே வைக்கிறது. ஆகவே எடை முறைக்கு மாறினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ் விதியைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். கேட்டாலும், அந்தக் கணினியில் தமிழ்த் தரவு நிறுவப்படாதிருந்தால் நிரல் சத்தமின்றி வேறொரு விதிக்கு மாறிக்கொள்ளக்கூடும். சோதிக்க எளிய வழி ‘அகம்’, ‘அக்கா’ என்ற இணையை அடுக்கிப் பார்ப்பது. ‘அக்கா’ முதலில் வந்தால் மட்டுமே தமிழ் விதி நடப்பில் இருக்கிறது.

தரவுத்தளங்களிலும் இதே நிலைதான். எஸ்க்யூலைட்டின் இயல்பு ஒப்பீடு பைட்டுகளை ஒப்பிடுவது. யுடிஎஃப்-8-இல் பைட்டு வரிசையும் குறியெண் வரிசையும் ஒன்றே. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஐ.சி.யூ. ஆதரவு இருந்தால் வரிசை விதியை வினவலிலேயே குறிப்பிடலாம்:

```
SELECT peyar FROM uruppinar
ORDER BY peyar COLLATE "ta-x-icu";
```

இங்கே கவனிக்கவேண்டியது சுட்டுப்பட்டியல். அது வேறு விதியில் கட்டப்பட்டிருந்தால் இந்த வினவலை வரிசைப்படுத்த உதவாது. பெரிய அட்டவணையில் வேகம் குறையும். அதே விதியில் புதிய சுட்டுப்பட்டியல் கட்டவேண்டும். தரவுத்தளம் தமிழ் விதியில் அடுக்கிக் கொடுத்த பட்டியலில், நிரல் குறியெண் ஒப்பீட்டைக் கொண்டு இருபாகத் தேடல் செய்வது இன்னும் மோசமான பிழை. அப்போது வரிசை பிசகுவதோடு நில்லாமல், பட்டியலில் இருக்கும் பெயரே இல்லை என்ற விடை வரக்கூடும்.

எழுதிய முறையால் வரும் பிழைகளும் சில உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் (U+0BCA) எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் (U+0BC6, U+0BBE) எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. குறியெண் ஒப்பீட்டில், பிரித்து எழுதிய ‘கொடி’ ‘கெ’ வரிசையின் இறுதிக்கும் ‘கே’ வரிசைக்கும் நடுவில் போய்விடும். ஒருங்குறி இவ்விரண்டையும் சமமென்று வரையறுத்திருப்பதால், எழுத்து வடிவை இயல்பாக்கும் நடைமுறை இதைச் சரிசெய்யும். ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தாலோ, ‘கௌரி’யைக் கொம்பும் ‘ள’வுமாகக் ‘கெளரி’ என்று எழுதியிருந்தாலோ எந்த விதியும் உதவாது. கண்ணுக்கு ஒத்தாலும் அவை உண்மையில் வேறு எழுத்துகள்; தரவையே திருத்தவேண்டும். பழைய எழுத்துருக் குறியேற்றங்களிலிருந்து மாற்றிய கோப்புகளைக் கையாள்பவர்கள் இதை முதலில் தேடிப்பார்ப்பது நல்லது.

எண் வரிசையும் அகரவரிசையும் ஒன்றாகவே இருக்கும்படி குறியேற்றத்தை அமைக்கும் முயற்சியும் நடந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியேற்றம், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருகிறது. அதில் குறியெண் ஒப்பீடே அகரவரிசையைத் தந்துவிடும். ஆனால் அதன் எண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால், அதற்கென அமைந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை எழுத்தாகத் தெரியாது. இணையத்தில் புழங்கும் தமிழ் பெரும்பாலும் ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியிலேயே இருக்கிறது.

அகரவரிசையிலேயே ஐயத்துக்கு இடமான ஓர் எழுத்தும் உண்டு. ‘க்ஷ’வைத் தனி எழுத்தாகக் கொண்டு ‘ஹ’வுக்குப் பின் வைக்கிறது சி.எல்.டி.ஆர். விதி. அதன்படி ‘லக்ஷ்மி’ ‘லட்சுமி’க்குப் பின்னால் வரும், ‘க்’ என்ற மெய்யின் கீழ்த் தேடுபவருக்கு அது கிடைக்காது. குறியெண் ஒப்பீட்டில் அதே பெயர் ‘லட்சுமி’க்கு முன்னால் இருக்கும்.